எண்ணெய் காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அடுப்பைக் கொடுத்து ஒரு வறுவல் செய்யச் சொன்னால், பெரும்பாலும் நடப்பது இதுதான். தீயை முழுதாகத் திறப்பார்கள். எண்ணெய் ஊற்றியதும் துண்டைப் போடுவார்கள். துண்டு சத்தமில்லாமல் எண்ணெயில் உட்கார்ந்திருக்கும். தீயோ முழுதாக எரிந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் மசாலா கறுத்து, நெடி ஏறி, எண்ணெய் புகைய ஆரம்பிக்கும். அந்தப் பதற்றத்தில் ஒரு கை தண்ணீர்ச் செம்பைத் தேடிப் போகும். சமையலறையில் நடக்கக்கூடிய மிக ஆபத்தான காரியம் அது.

இந்தத் தொடரில் முதல் கண்ணியை அறுத்துவிட்டால் மற்றவை நிகழ்வதற்கு வாய்ப்பே குறைவு. அதற்குப் பிள்ளைகள் கற்க வேண்டியது பாத்திரத்தின் சூட்டைப் படிப்பது. 'மிதமான தீயில் வறுக்கவும்' என்று சமையல் குறிப்புகள் சொல்வதைச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. தீயின் அளவு வேறு, தவாவின் சூடு வேறு. மெல்லிய அலுமினியச் சட்டியும் கனத்த இரும்புத் தவாவும் ஒரே தீயில் இரண்டு விதமாகக் காயும். காலியான தவாவும் எட்டுத் துண்டுகள் கிடக்கும் தவாவும் ஒரே தீயில் இரண்டு விதமாக இருக்கும். குமிழ் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து இவற்றில் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

பள்ளி மனையியல் ஆய்வகத்தில் நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் இதை எப்படிச் செய்துகாட்டுவது? அதற்கான குறிப்பேட்டை நான் மூன்று பத்திகளாக எழுதுவேன். ஒன்றில் ஆசிரியரின் கை செய்வது, அடுத்ததில் வாய் சொல்வது, மூன்றாவதில் பிள்ளைகள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது. மூன்றாவது பத்தி இல்லையென்றால் அது வெறும் வேடிக்கை. ஆசிரியை அழகாக வறுப்பார், பிள்ளைகள் சாப்பிடுவார்கள், சூட்டைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

செய்துகாட்ட வாழைக்காய் வறுவல் மிகப் பொருத்தம். விலை குறைவு. சரியாக வேகாவிட்டாலும் கோழியைப் போல வயிற்றுக்குக் கேடு வராது. சூடு கூடினாலும் குறைந்தாலும் துண்டிலேயே தெரிந்துவிடும். இரண்டு வாழைக்காயைத் தோல் சீவி அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கினால் போதும். நறுக்கியது கறுக்காமலிருக்க மோர் கலந்த தண்ணீரில் போட்டு வைப்பது வழக்கம். அதை வகுப்புக்கு முன்பே செய்துவிடலாம். ஆனால் அந்தத் தண்ணீரைத் துடைப்பதைப் பிள்ளைகள் கண் முன்னால்தான் செய்ய வேண்டும். சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், உப்பு, இரண்டு தேக்கரண்டி அரிசி மாவு சேர்த்துப் பிசறுவது. உப்பைக் கடைசியில், வறுப்பதற்குச் சற்று முன்னால்தான் சேர்க்க வேண்டும். உப்புப் போட்டு வைத்த காய் பத்து நிமிடத்தில் நீர் விட்டுக்கொள்ளும். அரிசி மாவு அதில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் முழுதாக அல்ல.

இந்த இடத்தில் ஆசிரியை சொல்ல வேண்டிய வரி: "தண்ணிதான் நம்ம எதிரி. எண்ணெய் தெறிக்குதுன்னு சொல்றோமே, எண்ணெய் தானா தெறிக்காது. உள்ளே போன தண்ணிதான் அதைத் தூக்கி அடிக்குது."

காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடலாம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. எண்ணெயில் விழுந்த துளி அடியில் போய்த் தவாவின் சூட்டைத் தொடுகிறது. தொட்ட நொடியில் ஆவியாகிறது. ஆவியாகும்போது தண்ணீர் சுமார் 1,700 மடங்கு இடம் பிடிக்கும். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர், அதாவது 15 மில்லி, ஏறக்குறைய 25 லிட்டர் நீராவியாகும். வீட்டுக்கு வரும் குடிதண்ணீர் கேனுக்குள் அடங்காத அளவு ஆவி, ஒரு கரண்டித் தண்ணீரிலிருந்து, கண் இமைக்கும் நேரத்தில். மேலே இருக்கும் எண்ணெயை அது எங்கே தள்ளும் என்று பிள்ளைகளையே கேட்கலாம். இதைச் செய்துகாட்டக் கூடாது, சொல்லத்தான் வேண்டும். வகுப்பில் எண்ணெயில் தண்ணீர் விட்டுக் காட்டுவதும் எண்ணெய்க்குத் தீ மூட்டிக் காட்டுவதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் மேடையைத் தயாராக வைக்க வேண்டும். தவாவைவிட அகலமான ஒரு எவர்சில்வர் மூடி அடுப்புக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தோசைத் திருப்பியும் இடுக்கியும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். எடுத்து வைக்கக் கம்பி வலை அல்லது பெரிய கண் சல்லடை. காய்ந்த துணி. தண்ணீர்ச் செம்பு மேடையில் இருக்கவே கூடாது. தவாவின் கைப்பிடி மேடையின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நடப்பவர் இடுப்பு அதில் இடித்தால் எண்ணெயோடு கவிழும்.

உடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. துப்பட்டாவைக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது பின்னால் இறுக்கி முடிய வேண்டும். தலைமுடியைக் கட்ட வேண்டும். நைலான், பாலியெஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே மேலே பருத்தி ஏப்ரன். காலில் மூடிய காலணி. வகுப்பு மேடையிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். விசிறி தீயைச் சாய்த்துத் தவாவை ஒரு பக்கமாகக் காயவைக்கும். அதைவிட முக்கியம், அதன் இரைச்சலில் எண்ணெயின் சத்தம் கேட்காது. இந்த வகுப்பில் காது பெரிய வேலை செய்யப்போகிறது.

தவாவைப் பொறுத்தவரை, தட்டையான அடியும் மூன்று நான்கு சென்டிமீட்டர் விளிம்பும் உள்ள இரும்புத் தவாவே சரி. தோசைக்கல்லில் விளிம்பில்லாததால் எண்ணெய் வழிந்து தீயில் இறங்கும். குழிந்த வாணலியில் எண்ணெயெல்லாம் நடுவில் தேங்கும். நடுத்துண்டு மிதக்கும், ஓரத்துண்டு காயும்.

இனி அடுப்பு. நம் ஊர் கேஸ் அடுப்புகளில் குமிழைத் திருப்பியதும் முதலில் வருவது முழுத் தீ, மேலும் திருப்பினால்தான் சிம். புதிதாகத் தொடும் பிள்ளை தீயைக் குறைக்க வந்த வழியே திருப்பி அணைத்துவிடுவதுண்டு. அணைந்தது தெரியாமல் மறுபடி திறந்தால் கேஸ் பரவும். ஆகவே எண்ணெய் இல்லாமல், தவாவும் இல்லாமல், ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை ஏற்றி, சிம்முக்குக் கொண்டுபோய், அணைக்கட்டும். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும்.

முதல் பார்வை, காலித் தவா. மிதமான தீயில் வைத்து, விரல் நுனியை நனைத்து ஒரு துளியை உதறுகிறோம். வீட்டில் அம்மா தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதைப் பிள்ளைகள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். அந்தத் துளியைக் கூர்ந்து கவனிக்கச் சொல்வதுதான் இப்போதைய வேலை. கல் சூடேறாதபோது துளி அப்படியே கிடந்து, மெல்ல விளிம்பில் கொப்பளிக்கும். சூடேறியதும் 'சுர்'ரென்று பரந்து ஓரிரு நொடியில் மறையும். மேலும் ஏறினால் விநோதம் ஒன்று நடக்கும். துளி சத்தமில்லாமல் உருண்டை ஆகி, கல்லின் மேல் முத்துப்போல ஓடித் திரியும். உடனே மறையாமல் பல நொடிகள் ஓடும்.

"இன்னும் சூடாச்சுன்னா துளி சீக்கிரமா மறையணும்ல மிஸ்? ஏன் ஓடிக்கிட்டே இருக்கு?" என்று யாராவது கேட்டால் வகுப்பு நல்ல வழியில் போகிறது என்று அர்த்தம்.

துளியின் அடிப்பாகம் கல்லைத் தொடுவதற்கு முன்பே ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவி ஒரு மெல்லிய படுக்கையாகி மேலிருக்கும் தண்ணீரைத் தாங்கிக்கொள்கிறது. ஆவி வழியாகச் சூடு மெதுவாகத்தான் கடக்கும். அதனால் துளி பிழைத்து ஓடுகிறது. 1756ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் யோஹான் லைடன்ஃப்ராஸ்ட், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் தண்ணீர்த் துளிகளைவிட்டு இதை ஆராய்ந்து எழுதினார். இன்றும் இது அவர் பெயரில் வழங்குகிறது. பொதுவாகத் தவாவின் மேற்பரப்பு 200 டிகிரி செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ போகும்போது இப்படி நடக்கும். இரும்பின் வழவழப்பைப் பொறுத்து அளவு சற்று மாறும்.

வறுவலுக்கு எண்ணெய் 160 முதல் 180 டிகிரி வரை இருந்தால் போதும். எனவே துளி ஓடினால் தவா தேவைக்கு மேல் காய்ந்திருக்கிறது. அந்த நிலையில் எண்ணெய் ஊற்றினால் நொடியில் புகையும். தீயைக் குறைத்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி துளி போட வேண்டும். அது 'சுர்'ரென்று மறையும் கட்டம்தான் எண்ணெய் ஊற்ற ஏற்றது.

இங்கே குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதி வைக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. தண்ணீர்ச் சோதனை காலித் தவாவில் மட்டும். எண்ணெய் ஊற்றிய பிறகு ஒரு துளிகூடக் கூடாது. தவா முழுதாகக் காய்ந்து ஈரம் போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணெய். பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வது நிச்சயம். எண்ணெய் ஊற்றும் முன் தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு மாணவர் எடுத்துக்கொண்டு வகுப்பின் கடைசிக்குப் போய்விட வேண்டும் என்று நான் குறிப்பிலேயே எழுதுவேன். கிண்ணம் எங்கே போனது என்பது நினைவில் நிற்கும்.

இரண்டாம் பார்வை, எண்ணெய். அடி 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தவாவுக்கு ஐந்து மேசைக்கரண்டி, அதாவது 75 மில்லி, கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும். இது சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழம் நிற்கும். அரை சென்டிமீட்டர் துண்டின் பாதி. எண்ணெய் துண்டின் பாதியை எட்ட வேண்டும், மூடக் கூடாது. இதற்குமேல் ஊற்றினால் பொரித்தெடுப்பதாகிவிடும். தெறிப்பும் ஆபத்தும் வேறு. குறைத்தால் சூடு சமமாகப் போய்ச்சேராது, தவா தொடும் இடம் மட்டும் கறுக்கும்.

எண்ணெய் ஊற்றியதும் தவாவை மெல்லச் சாய்த்துக் காட்ட வேண்டும். குளிர்ந்த எண்ணெய் சோம்பலாக நகரும். காயக் காய அது தண்ணீரைப்போல விறுவிறுவென்று ஓடும். மேற்பரப்பில் கோடுகோடாக அலைகள் தெரியும். ஓரத்தில் நின்று ஒளி விழும் கோணத்தில் பார்த்தால்தான் இது கண்ணில் படும். ஆகவே பிள்ளைகளை இருவர் இருவராகப் பக்கத்தில் அழைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்ல வேண்டும்.

கடைசிச் சான்று துண்டு ஒன்று. விளிம்பிலிருந்து கிள்ளி எடுத்த சிறு துணுக்கைப் போட்டால், சுற்றிலும் உடனே சிறுசிறு குமிழிகள் ஒரே சீராக வர வேண்டும். குமிழி வராமல் அது மூழ்கிக் கிடந்தால் எண்ணெய் தயாராகவில்லை. குமிழி ஆவேசமாகக் கொப்பளித்து, துணுக்கு சில நொடியில் பழுப்பேறினால் சூடு மிஞ்சிவிட்டது. கடுகு போட்டுப் பார்ப்பதும் உண்டு. அது வெடித்துக் கண்ணில் தெறிக்கும் என்பதால் வகுப்புக்கு வேண்டாம். கறிவேப்பிலை ஈரமாக இருக்கும், அதுவும் வேண்டாம்.

"இப்போ கை தூக்குங்கப்பா. யாருக்கு எண்ணெய் காஞ்சிடுச்சுன்னு தோணுது? ஏன்னு சொல்லணும்." இந்தக் கேள்வியை ஒவ்வொரு கட்டத்திலும், துண்டு போடுவதற்கு முன், கேட்க வேண்டும். சொன்ன காரணம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, துணுக்கு பதில் சொல்லிவிடும்.

வெப்பமானி வைத்திருக்கும் பள்ளியில் இந்த இடத்தில் எண்ணைக் காட்டலாம். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய வகைக் கருவி உடல் சூட்டுக்கு மட்டும்தான். எண்ணெய்க்கு, 300 டிகிரி வரை காட்டும் சமையல் கருவி வேண்டும். பளபளப்பான எவர்சில்வர் பரப்பில் தூரத்திலிருந்து படிக்கும் கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கருவியின் எண்ணை நம்பி எவர்சில்வர் தவாவைக் கூடுதலாகக் காயவிடுவது அதனால் எளிதாக நடக்கும்.

இனி உண்மையான வறுவல், இரண்டு சுற்றாக. முதல் சுற்றை வேண்டுமென்றே தப்பாகச் செய்யலாம், ஏனென்றால் அதில் ஆபத்தில்லை. எண்ணெய் சூடேறும் முன் நான்கு துண்டுகளைப் போடுங்கள். சத்தமில்லை. குமிழி இல்லை. துண்டுகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் வெளுப்பாக, கொழகொழவென்று இருக்கும். காகிதத்தில் வைத்தால் எண்ணெய் வட்டம் விரியும். இந்தக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாம் சுற்றுக்குப் போக வேண்டும்.

காயின் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியே வந்துகொண்டே இருப்பதால்தான் எண்ணெய் உள்ளே போகாமல் தடுக்கப்படுகிறது. சூடு இல்லாவிட்டால் ஆவி இல்லை, காவல் இல்லை. இன்னொன்றும் உண்டு. அடுப்பிலிருந்து எடுத்த பிறகு ஆவி குளிர்ந்து சுருங்கும்போது மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எண்ணெயில் பெரும்பகுதி உள்ளே போவது இந்த நேரத்தில்தான். ஆகவேதான் துண்டுகளை எடுத்தவுடன் கம்பி வலையில் வைத்து வடியவிட வேண்டும். தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் வழிந்த எண்ணெயிலேயே அவை நனையும்.

இரண்டாம் சுற்று, சரியான சூட்டில். ஒவ்வொரு துண்டையும் கையால் போடாமல் இடுக்கியில் பிடித்து, உங்கள் பக்கத்து விளிம்பை முதலில் எண்ணெயில் தொட்டு, எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும். தெறிப்பு உங்களைவிட்டு விலகிப் போகும். உயரத்திலிருந்து தொப்பென்று போடக் கூடாது. 20 சென்டிமீட்டர் தவாவில் ஏழு எட்டுத் துண்டுக்கு மேல் வேண்டாம். துண்டுகளுக்கு நடுவே விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பதினைந்து துண்டுகளை அடுக்கினால் குளிர்ந்த காயெல்லாம் சேர்ந்து எண்ணெயின் சூட்டை இறக்கிவிடும், முதல் சுற்றில் பார்த்ததே நடக்கும்.

இனிக் கண்ணை மூடிக் காதைத் திறக்கச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் இது கேட்கும். சரியான சூட்டில் ஓசை ஒரே சீராக, மழை பெய்வதுபோல 'சொர்' என்று தொடரும். அது நீராவி வெளியேறும் சத்தம். அது தேய்ந்து மெல்லியதாக மாறும்போது அந்தப் பக்கத்தின் மேற்பரப்பு நீரை இழந்துவருகிறது என்று பொருள். குமிழிகளும் சிறுத்திருக்கும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை துண்டின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஈரம் காய்ந்த பிறகுதான் அது ஏறி, பொன்னிறமும் மணமும் வரும். ஆகவே ஓசை குறைவதும் நிறம் வருவதும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். திடீரென்று 'பட்'டென்று வெடிப்பது கேட்டால் அது ஈரம், அல்லது சூடு அதிகம்.

மூன்று நான்கு நிமிடத்தில் விளிம்பு பொன்னிறமாகியிருக்கும். திருப்பியை அடியில் நுழைத்து, எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இழுக்க வேண்டாம். அரை நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் தானாக விட்டுவிடும். இரண்டாம் பக்கத்துக்கு மூன்று நிமிடம் போதும். நிறம் நன்றாக இருந்தும் நடுவில் குத்தினால் வெடுக்கென்று இருந்தால் தீ அதிகம் என்று பொருள். வெளியே வெந்து உள்ளே வேகவில்லை. மிளகாய்த்தூள் கறுத்து, தொண்டையை எரிக்கும் நெடி வந்தால், எண்ணெய் புகையும் முன்பே மசாலா அந்தச் செய்தியைச் சொல்லிவிடுகிறது. அப்போதே தீயைக் குறைக்க வேண்டும்.

குறைக்கும்போது பிள்ளைகள் எதிர்பாராத ஒன்றைக் காட்டலாம். சிம்முக்குக் கொண்டுவந்த பிறகும் இரும்புத் தவாவின் ஓசை உடனே குறையாது. கனமான இரும்பு சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். எனவே சூடு மிஞ்சும் என்று தோன்றினால் அதற்கு முன்னரே குறைக்க வேண்டும். மிஞ்சிவிட்டால் தீயை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பதுதான் வழி.

எண்ணெய் புகைய ஆரம்பித்தால் அடுப்பை அணைக்க வேண்டும், துண்டு கிடந்தாலும். சுத்திகரித்த கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் 225 டிகிரிக்கு மேல் போனால்தான் புகையும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அதற்கு வெகு முன்னதாகவே புகையும், ஏறக்குறைய வறுக்கும் சூட்டிலேயே. வகுப்புக்குச் செக்கு எண்ணெய் வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம். புகையோடு நிறுத்தாமல் விட்டால் மேலும் ஏறி, 350 டிகிரியை ஒட்டி, எந்தத் தீயும் தொடாமலேயே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும்.

பற்றிக்கொண்டால் செய்ய வேண்டியதை ஆசிரியை எண்ணெயோ தீயோ இல்லாத குளிர்ந்த தவாவில் நடித்துக் காட்ட வேண்டும், பிள்ளைகளும் செய்து பார்க்க வேண்டும். எட்டினால் குமிழை அணை. மூடியைக் கேடயம்போல முன்னால் பிடித்து, உன் பக்கத்திலிருந்து தவாவின் மேல் தள்ளி மூடு. மூடியபின் திறக்காதே. தவாவைத் தூக்காதே, வெளியே எடுத்துக்கொண்டு ஓடாதே. தண்ணீர் கூடாது. அடங்காமல் மேலே ஏறினால் எல்லோரும் வெளியேறி 101ஐ அழைக்க வேண்டும். மூடியைத் திறக்காமல் அரை மணி நேரமாவது விட வேண்டும். சீக்கிரம் திறந்தால் காற்றுப்பட்டு மறுபடி பற்றும்.

தீக்காயத்துக்கு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் உடனே கழற்ற வேண்டும், வீங்கியபின் கழலாது. ஐஸ் வேண்டாம். பேனா மை, டூத்பேஸ்ட், மஞ்சள், தோசை மாவு எதுவும் வேண்டாம். வீட்டில் இவற்றில் ஒன்றையாவது பார்த்து வளர்ந்திருப்பார்கள், அதனால் பெயர் சொல்லித்தான் தடுக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான ஈரமில்லாத துணியைத் தளர்வாகப் போர்த்தினால் போதும். உள்ளங்கை அளவைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டு, கண் இவற்றில் பட்டாலோ மருத்துவமனை, அவசரமென்றால் 108.

முடிந்ததும் தவாவில் எண்ணெய் அப்படியே இருக்கட்டும். சூடான எண்ணெயை வடிகட்டவும் சாய்க்கவும் பிள்ளைகளை விடக் கூடாது. இரும்புத் தவா அரை மணி நேரமானாலும் தொட முடியாதபடி இருக்கும். அதன் மேல் 'சூடு' என்று எழுதிய அட்டையை வைத்துவிட்டு, காத்திருக்கும் காகிதத்தை எடுங்கள். முதல் சுற்றின் எண்ணெய் வட்டமும் இரண்டாம் சுற்றுத் துண்டை அதே காகிதத்தில் வைத்தால் வரும் வட்டமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இரண்டிலும் ஒரே காய், ஒரே மசாலா, ஒரே எண்ணெய்.

அடுத்த வகுப்பில் பிள்ளைகள் தாமே செய்யும்போது, மதிப்பெண் வறுவலின் ருசிக்கு வேண்டாம். துண்டு போடும் முன் "இப்போ எண்ணெய் எப்படி இருக்கு, எதை வைச்சுச் சொல்றே?" என்று கேட்டால் கிடைக்கும் பதிலுக்குக் கொடுங்கள். துணுக்கின் குமிழியையோ எண்ணெயின் ஓட்டத்தையோ காட்டிச் சொன்னால் சரி. 'மீடியம் ஃபிளேம்ல வைச்சேன் மிஸ்' என்று சொன்னால் மறுபடி துணுக்குப் போடச் சொல்லுங்கள்.

பல வீடுகளில் இப்போது இரும்புத் தவாவே இல்லை. நான்ஸ்டிக் தவா இருக்கிறது. அதில் தண்ணீர்த் துளி ஓடும்வரை காயவைக்கும் சோதனை கூடாது. காலியாகக் காய்ந்து 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சு சிதைந்து கெட்ட ஆவி விடும். எண்ணெயோடு சேர்த்துத்தான் காயவைக்க வேண்டும், துணுக்கைக் கொண்டுதான் படிக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பிலோ மெல்லிய தவாவில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் முழுச் சக்தியில் மிக விரைவில் புகைந்துவிடும். அதன் திரையில் '180' என்று தெரிந்தாலும் கண்ணாடித் தட்டின் அடியில் இருக்கும் உணரி காட்டும் எண் அது. எண்ணெயின் சூடு அதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். குறைந்த சக்தியில் தொடங்கி, எண்ணெயைச் சாய்த்துப் பார்த்து, துணுக்கைப் போட்டுப் பார்த்தபின் வறுக்க வேண்டும்.